மூணாம் படிக்கு என்ன பேரு, ‘கேர்’க்கு என்ன பேரு? (திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது)

படியெடுப்பவன்: எல்லாருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கான பாடத்துல உளவியலாளர் கோல்பெர்க் பத்தின அத்தியாயம் என் தலையில விழுந்திருக்கு. குழந்தைல இருந்து பெரியவங்க வரைக்கும் ஒழுக்கத் தீர்ப்பு எப்படி வளருதுன்னு அவர் சொன்ன மூணு மட்டம், ஆறு படி. பழைய நூல்ல மரபுக்கு முந்தைய, மரபுசார்ந்த, மரபு கடந்தன்னு இருக்கு. படிச்சுப் பாத்த ரெண்டு பேரும் ‘மரபு கடந்தவர்’னா சம்பிரதாயத்தை உடைச்ச புரட்சிக்காரர்னு புரிஞ்சுக்கிட்டாங்க. சுத்தி இருக்கறவங்க நம்மளை நல்லவங்கன்னு நெனக்கணும்னு நடந்துக்குற மூணாம் படிக்கு நான் ‘நல்ல பேர் படி’ன்னு வெச்சிருக்கேன். இந்த ஏணியை எதிர்த்த உளவியலாளர் கில்லிகன் பேசுற ‘கேர்’, அதாவது ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குறது, அதுக்கு இன்னும் ஒண்ணும் வைக்கல. கை கொடுங்க.

நன்னூலடியான்: தம்பி, மரபை மாத்தாதீங்க. ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே’ன்னு பவணந்தியார் சொல்றாரு. பத்துப் பேர் சேர்ந்து ஒத்துக்கிட்டது, அதனாலயே எல்லாரையும் கட்டுப்படுத்துறது, அதுதானே கன்வென்ஷன்? தொல்காப்பியத்துல மரபியலைப் பாருங்க, பார்ப்பு, பறழ், குட்டி, குருளைன்னு எந்த இளசை எப்படிக் கூப்பிடணும்னு வரிசையா வருது, அதுக்கு இயற்கையில காரணம் கிடையாது, வழங்கினாங்க அவ்ளோதான். பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம்னு மரபைச் சுருக்கினது நம்ம காலத்துக் கோளாறு. ‘மறி’ பத்தி தனியா ஒரு மடல் போடுறேன், அதுல ஒரு சுவாரசியம் இருக்கு…

வேர்ச்சொல் வேந்தன்: மறி அப்புறம் இருக்கட்டும். ‘வழக்கு’ன்னு வைங்க. வழக்கும் செய்யுளும்னு பாயிரத்துலயே இருக்கு.

படியெடுப்பவன்: ஐயா, ‘வழக்கு கடந்த நிலை’ன்னா கோர்ட்ல கேஸ் முடிஞ்சு போச்சுன்னு நெனப்பாங்க. நாலாம் படியே சட்டம் ஒழுங்கு பத்தினது, இன்னும் குழம்பும்.

சும்மா ஒரு வாசகன்: நமக்கு எதுக்கு இவ்ளோ சுத்து. மனுநீதிச் சோழன் ஆறாம் படி. கன்னுக்குட்டிக்காக சொந்தப் பிள்ளையையே தேர்க்கால்ல போட்டாரு. அதுக்கு மேல நீதி ஏது? ‘மனுநீதிப் படி’ன்னே வெச்சுடலாம்.

உளவியல் வாத்தியார்: நண்பரே, என்ன செஞ்சாருங்கறதை வெச்சு படி சொல்ல முடியாது. ஏன் செஞ்சாருன்னு அவர் சொல்ற காரணத்தை வெச்சுதான் சொல்லணும். ‘அரசன்னா சட்டத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்தணும், இல்லேன்னா நாடு குலைஞ்சிடும்’னு அவர் சொல்லியிருந்தா அது நாலு. ‘விட்டுட்டா ஊர் என்ன பேசும்’னா மூணு. படி அளக்க கோல்பெர்க் சொல்லிக் கேட்ட ஹெயின்ஸ் கதையும் அப்படித்தான். பொண்டாட்டி சாகக் கெடக்குறா, மருந்துக்காரர் 200 டாலர்ல செஞ்ச மருந்துக்கு 2000 கேக்குறாரு, புருஷனால புரட்ட முடிஞ்சது 1000. திருடலாம்னு சொன்னாலும் கூடாதுன்னு சொன்னாலும் எந்தப் படியிலயும் இருக்கலாம். இன்னொண்ணு, ஆறாம் படிக்கு ஆளே சரியா சிக்காம, படி அளக்குற மதிப்பெண் கையேட்டுல இருந்தே அதை எடுத்துட்டாங்க. அங்க ராஜாவை உக்கார வெச்சா பாவம், தனியாதான் இருப்பாரு.

மரபு எனக்கு ஓகே, பக்கத்துல ஒரு வரி விளக்கம் போட்டா போதும். எனக்கு உறுத்துறது ‘நல்ல பேர் படி’தான்.

ரெண்டு பிள்ளைக்கு அம்மா: என் பெரியவனுக்கு ஒம்பது வயசு, தங்கச்சி கப்பை உடைச்சா அவளைக் காட்டிக் கொடுக்க மாட்டேங்கறான், கேட்டா ‘அவ அழுவா’ங்கறான். பொய் சொல்றவனை அடுத்த படிக்கு ஏத்த என்ன பயிற்சி கொடுக்கணும்?

உளவியல் வாத்தியார்: மேடம், ஏத்தவே வேணாம், உங்க பையன் சொல்றதுலதான் இந்தச் சண்டையே இருக்கு. ‘அவ அழுவா’ங்கறதை எங்க வைப்பீங்க? ‘நல்ல பேர்’னு பேரு வெச்ச டப்பாவுல அது அடங்குமா? அவன் யாருகிட்டயும் பேரு வாங்கலையே.

கில்லிகன் 1982 புத்தகத்துல ஜேக்னு ஒரு பையன், ஏமின்னு ஒரு பொண்ணு, ரெண்டு பேருக்கும் 11 வயசு, ரெண்டு பேர்கிட்டயும் இதே ஹெயின்ஸ் கதையைத்தான் கேட்டாங்க. ஜேக் பட்டுனு சொல்றான், உயிர் பணத்தை விடப் பெருசு, திருடலாம். அவனுக்கு அது மனுஷங்களை வெச்சுப் போட்ட கணக்கு. ஏமி இழுக்குறா. திருடக் கூடாதுதான், ஆனா அவ சாகவும் கூடாது, கடன் கேக்கலாம், வேற வழி இருக்கும், திருடி ஜெயிலுக்குப் போயிட்டா அப்புறம் அவளுக்கு மறுபடி முடியாமப் போனா யாரு பாப்பா, மருந்துக்காரரோட உக்காந்து பேசணும்ங்கறா. கேள்வி கேட்டவங்க திருப்பித் திருப்பி அதையே கேக்க, அவ குரல் தளர்ந்து போச்சு. நம்ம மொழியில சொன்னா அவங்க கேட்டது ‘திருடணுமா, வேணாமா’, அவ காதுல விழுந்தது ‘திருடத்தான் வேணுமா’. ஏதாவது செய்யணும்ங்கறதுல அவளுக்கு சந்தேகமே இல்ல, எப்படிங்கறதுதான் அவ யோசனை. அளவுகோல் படி பையனுக்கு மூணும் நாலும் கலந்து, அவளுக்கு ரெண்டும் மூணும் கலந்து, முழுசா ஒரு படி கீழ. 1958-ல வந்த முதல் ஆய்வுக்கு கோல்பெர்க் பேசினது எல்லாமே பையன்கள்கிட்டதான். அந்த ஏணில ஏத்தி அளந்தா இவ கீழதான் தெரிவா.

இப்ப மூணாம் படிக்கு ‘நல்ல பேர்’னு போட்டீங்கன்னா, ஏமி போன்றவங்களை அங்க வெச்சது சரிதானேன்னு மாணவன் தாண்டிப் போயிடுவான். கில்லிகன் ஏன் கோவப்பட்டாங்கன்னே புரியாது.

வேர்ச்சொல் வேந்தன்: ஆனா கோல்பெர்க் கூட்டத்துல வழங்கினதே நல்ல பையன், நல்ல பொண்ணுங்கற மாதிரி பேருதானே. மூலத்துல இருக்குற சாய்வை நாம துடைச்சுக் கொடுக்கலாமா? அது மொழிபெயர்ப்பு இல்ல, வக்காலத்து.

உளவியல் வாத்தியார்: நியாயமான கேள்வி. ஆனா அந்தப் படிக்கு இணக்கம்னு அர்த்தம் வர்ற பேரும் அவர் கொடுத்திருக்காரு, ரெண்டுல எதை எடுக்குறோம்ங்கறது நம்ம கையில. ‘உறவு இணக்கப் படி’ன்னா ரெண்டு பக்கத்துக்கும் இடம் இருக்கு.

நன்னூலடியான்: ‘கேர்’க்கு ‘அருள்’னு வைங்களேன். ‘அருளென்னும் அன்பீன் குழவி’ன்னு குறள். அன்பு சொந்தக்காரங்க கிட்ட, அருள் எல்லா உயிர்கிட்டயும்.

படியெடுப்பவன்: அருள்னா பசங்க சாமின்னு நெனச்சுப்பாங்க ஐயா. ‘பரிவு’?

உளவியல் வாத்தியார்: பரிவு மனசுல படுற வருத்தம். ஏமி வருத்தப்பட்டு நிக்கல, அடுத்து யாரு யாரைப் பாத்துப்பாங்கன்னு யோசிக்கிறா. பரிவுன்னு போட்டா ஆம்பளைக்கு அறிவு, பொம்பளைக்கு உணர்ச்சின்னு பழைய பாட்டுக்கே போயிடுவோம். ஆண் பெண் வித்தியாசமே அவ்ளோ பெருசு இல்லன்னு 1984-ல வாக்கர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினாரு, 2000-ல ஜாஃபி, ஹைட் ரெண்டு பேரும் பாத்தப்பவும் சின்ன வித்தியாசம்தான் வந்துது. அதனால பேர்ல பொம்பளை வாடை அடிக்கக் கூடாது. ‘பேணல்’ எனக்குப் பிடிச்சிருக்கு. உறவைப் பேணுறது, உடம்பைப் பேணுறது, ரெண்டுலயும் செயல் இருக்கு.

ரெண்டு பிள்ளைக்கு அம்மா: பேணல்னு யாருங்க பேசுறா? அக்கறைன்னு சொன்னா எல்லாருக்கும் புரியும். ‘உனக்கு அக்கறையே இல்ல’ன்னுதான் திட்டுறோம்.

வேர்ச்சொல் வேந்தன்: அக்கறை தமிழ்தானான்னு முதல்ல பாக்கணும். வேரைத் தோண்டிட்டு நாளைக்கு எழுதுறேன். பேணறம்னு ஒட்டினா அழகா இருக்கும்.

சும்மா ஒரு வாசகன்: பேணறம்னா பேன் பிடிச்ச அறம் மாதிரி கேக்குது.

படியெடுப்பவன்: சரி, நேரம் இல்ல. மரபுசார், மரபு கடந்த அப்படியே இருக்கும், ‘மரபு என்பது இங்கே சமூகம் ஒத்துக்கொண்ட விதி, பழமை அல்ல’ன்னு ஓரத்துல ஒரு வரி. மூணாம் படி உறவு இணக்கப் படி. கில்லிகனோட ‘கேர்’க்கு ‘அக்கறை அறம்’, இதுக்கு அஞ்சுல மூணு பேர் சரின்னு தனிமடல்ல சொன்னாங்க.

வேர்ச்சொல் வேந்தன்: என் மறுப்பைப் பதிவு பண்ணிக்கோங்க. ‘உறவு இணக்கம்’னு போட்டு கோல்பெர்க்கை அவர் இருந்ததை விட நல்லவராக்கிட்டீங்க, கில்லிகன் யாரோட சண்டை போட்டாங்கன்னு இப்பவும் மாணவனுக்குப் புரியாது.

நன்னூலடியான்: ‘மறி’ மடல் தனி இழையில போட்டிருக்கேன், எல்லாரும் வாங்க.