சிம்ப்ளெக்ஸ் அட்டவணை: கடைசி வரிசையை எப்படி எழுதுறீங்க?

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பருக்குப் படிக்கிறேன். கணக்கு இது: x + y ≤ 4, x ≤ 3, x, y ≥ 0; Z = 3x + 2y-ஐப் பெரிதாக்கணும்.

வரைபடத்துல மூலைகள் (0,0), (3,0), (3,1), (0,4). பெரியது (3,1)-ல், Z = 11.

அட்டவணையிலும் அதே பாதைதான். முதல்ல x உள்ளே வருது; விகிதம் 4, 3, அதனால s2 வெளியே, Z = 9. அடுத்து y உள்ளே, s1 வெளியே, Z = 11. இதுவரை சிக்கல் இல்லை.

குழப்பம் கடைசி வரிசையில். வகுப்பு நோட்ஸ்ல Zj − Cj: தொடக்கத்தில் −3, −2, முடிவில் s1, s2-க்குக் கீழே 2, 1. விடைத்தாள்ல Cj − Zj, எல்லாக் குறியும் தலைகீழ். நடுவுல மாத்தினா எப்போ நிறுத்தணும்னே தெரியல. திருத்துறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க: தொடக்கத்துலயே "Zj − Cj" என்று எழுதிட்டு அதையே கடைசிவரை வச்சா மதிப்பெண் குறையுமா? ஒவ்வொரு அட்டவணைக்குப் பக்கத்திலும் மூலையைக் குறிக்கலாமா?