கோட்டை மான்களும் நான் அழிக்கப் பார்த்த ரா பைலும்

உப்புவெளியான்
போன கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் நின்ற புள்ளிமான்களை எடுத்தேன். மம்மல் பொழுது, ஐஎஸ்ஓ 6400. கமரா பிடித்ததை மெருகேற்றாமல் அப்படியே வைக்கிற ராவும், கமராவே மெருகேற்றிச் சுருக்கித் தருகிற ஜேபெக்கும் சேர்ந்தே பதிவாகும்படி வைத்திருந்தேன். வீட்டில் திறந்தால் ஜேபெக் பளிச்சென்று இருக்கிறது, ராவோ மணல் தூவியது போல மங்கிக் கிடக்கிறது. அழித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஜேபெக்கை முழு அளவுக்குப் பெருப்பித்தேன். மானின் கழுத்து மயிர் மெழுகு வழிந்தது போல இருந்தது, காதோரம் வெள்ளைக் கோடு. நான் கேட்காமலே கமரா அந்த மணல் போன்ற நொய்ஸைத் துடைத்துக் கூர்மையும் ஏற்றியிருக்கிறது. நானும் கூர்மை கூட்டினேன், அந்தக் கோடுதான் தடித்தது.

சரி என்று ராவை லைட்ரூமில் எடுத்தேன். நொய்ஸைக் குறைக்கிற Luminance-ஐ 60இல் வைத்ததும் அதே மெழுகு, 30க்கு இறக்கியதும் மயிர் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கூர்மை. Alt அழுத்தியபடி Masking-ஐ இழுத்தால் கூர்மை ஏறும் இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். பின்னாலிருந்த இருட்டு முழுதாகக் கறுக்கும்வரை இழுத்தேன், 70 வந்தது. கொஞ்சம் நொய்ஸ் மிச்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

கடலோரம்
இதற்கு ரா எதற்கு? கமராவிலேயே கூர்மையையும் நொய்ஸ் குறைப்பையும் இறக்கி வையுங்கள், ஜேபெக்கே போதும்.

பழைய லென்ஸ்
பாதி சரி தம்பி. வெள்ளைக் கோடு குறையும். ஆனால் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான், 14 பிட் ராவில் 16384. நிழலைத் தூக்கும்போது அது தெரியவரும். அதோடு ஜேபெக் படத்தை 8க்கு 8 கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. மயிர் மாதிரி நுணுக்கம்தான் முதலில் போகும். பிறகு கூர்மை ஏற்றினால் கட்டங்களின் ஓரமும் சேர்ந்து எழும்பும்.

வாணி
அண்ணா, பத்ரகாளி அம்மன் தேரன்று 1/30 செக்கனில் எடுத்ததெல்லாம் இழுபட்டுப் போச்சு. ராவில் எடுத்திருந்தால் கூர்மையாக்கியிருக்கலாமா?

பழைய லென்ஸ்
இல்லைப் பிள்ளை. அது தேர் இழுத்த சனத்தின் அசைவு, இல்லாவிட்டால் உங்கள் கை ஆட்டம். ரா அதைத் திருத்தாது. ஐஎஸ்ஓவை ஏற்றி 1/250க்குப் போயிருக்க வேண்டும். அதனால் வரும் நொய்ஸைக் குறைக்கத்தான் ரா உதவும்.

நிலாவெளி
எனக்கு வேறு தலையிடி. மீன்கொத்தி பாயும்போது ராவில் தொடர்ந்து அமுக்கினால் சில செக்கனில் கமரா திணறி நின்றுவிடுகிறது. மீனோடு மேலே வருகிற படம்தான் போகும். ஜேபெக்கில் நிற்பதே இல்லை.

உப்புவெளியான்
வேகமான கார்ட் போட்டுப் பார்த்தீங்களா?

நிலாவெளி
போட்டேன். நின்ற பிறகு கெதியாகத் தெளிகிறது, நிற்பது நிற்கத்தான் செய்கிறது. சுருக்கிய ராவுக்கு மாற்றலாம் என்கிறார்கள், மயிர் நுணுக்கம் அதில் தாங்குமா என்று யாராவது பெருப்பித்துப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.