ஜாகிங் ஸ்ட்ரோலர் இடப்பக்கம் இழுக்கிறது, வலது தோள் வலிக்கிறது: உதவி தேவை

சுகந்தி, அனுப்பானடி

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. தலை நன்றாக நின்று, பிடிமானம் இல்லாமல் உட்காருகிறாள். குழந்தை மருத்துவர் சம்மதம் சொன்ன பிறகு, உறவினர் வீட்டில் சும்மா கிடந்த மூன்று சக்கர ஜாகிங் ஸ்ட்ரோலரை வாங்கி வந்து, விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி அவளை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறேன். காற்றடைத்த சக்கரங்கள், ஐந்து முனை இருக்கைப் பட்டை, கைப்பிரேக், மணிக்கட்டில் மாட்டும் வார் எல்லாம் அதில் இருக்கின்றன. முன் சக்கரத்தைப் பூட்டிவிட்டுத்தான் ஓடுகிறேன்.

பிரச்சினை என்னவென்றால், வண்டி விடாமல் இடப்பக்கமே போகிறது. அதை நேராக வைத்திருக்க இடக்கையால் தள்ளி வலக்கையால் பிடித்து இழுக்க வேண்டியிருப்பதால், வீடு திரும்பும்போது வலது தோள்பட்டையின் பின்புறமும் இடுப்பின் கீழ்ப்பகுதியும் வலிக்கின்றன. தனியாக ஓடினால் கிலோமீட்டருக்கு 6:30 நிமிடத்தில் என்னால் பேசிக்கொண்டே ஓட முடியும், அப்போது இதயத் துடிப்பு 145 அளவில் இருக்கும். வண்டியுடன் 7:40 ஆகிறது, அப்படியும் துடிப்பு 155ஐத் தாண்டுகிறது. இது வண்டியின் குறையா, நான் ஓடும் முறையின் குறையா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாண்டியராஜன், கே.கே. நகர்

சகோதரி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஓடினால் தோள் இறுகத்தான் செய்யும். ஒரு கையால் தள்ளுங்கள், மற்றக் கையை வழக்கம்போல வீசுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையை மாற்றிக்கொண்டால் இரண்டு பக்கமும் சமமாக உழைக்கும். அடுத்து, முன் சக்கரத்தின் பூட்டை எடுத்துவிடுங்கள். சக்கரம் தானாகத் திரும்பும் என்பதால் தெப்பக்குளத்தின் நான்கு மூலைகளிலும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை, இடப்பக்கம் இழுப்பதும் நின்றுவிடும்.

செல்வகுமார், திருநகர்

பாண்டியராஜன் அண்ணன் சொன்னதில் கையை மாற்றித் தள்ளுவது சரியான யோசனை. ஆனால் பூட்டை எடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓடும் வேகத்தில் சுழலும் முன் சக்கரம் ஒரு சிறு கல்லிலோ தளக்கல் இடுக்கிலோ பட்டால் சட்டென்று குறுக்கே திரும்பிவிடும், பின்னாலிருந்து வரும் தள்ளுவிசை வண்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்துவிடும். நடக்கும்போது மட்டும் பூட்டை எடுங்கள். மூலை வந்தால் வேகத்தை நடைக்குக் குறைத்து, கைப்பிடியைக் கீழே அழுத்தி முன் சக்கரத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி, பின் சக்கரங்களின் மேல் வண்டியைத் திருப்பி இறக்குங்கள். பழகிய பிறகு அது இரண்டு எட்டில் முடிந்துவிடும்.

இழுப்புக்குக் காரணம் சாலையா வண்டியா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும், அந்தச் சரிவு எந்த வண்டியையும் ஓரத்துக்கு இழுக்கும். ஆகவே குழந்தைக்குப் பதிலாக அதே எடையுள்ள அரிசிப் பையை இருக்கையில் வைத்துப் பட்டை போட்டு, ஒரே இடத்தில் போகும்போதும் வரும்போதும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். வாரை மணிக்கட்டில் மாட்டியபடி சில எட்டுகளுக்குக் கையை எடுத்தும் பாருங்கள். போகும்போது இடப்பக்கமும் திரும்பி வரும்போது வலப்பக்கமும் இழுத்தால் அது தரையின் சரிவு. இரண்டு முறையும் இடப்பக்கமே இழுத்தால் கோளாறு வண்டியில் இருக்கிறது.

வண்டியில்தான் என்றால் மூன்று இடங்களை இதே வரிசையில் பாருங்கள். முன் சக்கரத்தின் அச்சு கவையின் இரண்டு பக்கப் பள்ளங்களிலும் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி மாட்டிய வண்டிகளில் ஒரு பக்கம் ஏறி நிற்பது சாதாரணம். அடுத்து, பின் சக்கரங்கள் இரண்டிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். காற்றுக் குறைந்த பக்கம் தரையில் அழுந்தி வேகம் குறைவதால் வண்டி அந்தப் பக்கமே திரும்பும். இவை இரண்டும் சரியாக இருந்தும் இழுத்தால் மட்டுமே முன் சக்கரத்துக்கு அருகிலுள்ள நேர்ப்படுத்தும் திருகில் கைவையுங்கள். அதைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது. ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் மறுபடி தள்ளிப் பார்க்க வேண்டும்.

பாத்திமா, கோரிப்பாளையம்

எனக்கும் இதே கேள்விதான். என் மகனுக்கு நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் சிறிய பிளாஸ்டிக் சக்கரம் வைத்த நான்கு சக்கர வண்டி இருக்கிறது, அதுவும் ஒரு பக்கமாகத்தான் போகிறது. செல்வகுமார் சொன்ன திருகு அதில் எங்கே இருக்கும்? அதைச் சரிசெய்துவிட்டு வைகைக் கரைச் சாலையில் மெதுவாக ஓடலாமா?

செல்வகுமார், திருநகர்

அக்கா, அந்த வண்டியில் அப்படி ஒரு திருகு இருக்காது, அது நடப்பதற்கு மட்டுமே செய்யப்பட்டது. சிறிய சக்கரம் குழியில் மாட்டினால் வண்டி முன்பக்கமாகக் கவிழும். அதோடு நான்கு மாதக் குழந்தைக்கு ஓட்டத்தின் குலுக்கலைத் தாங்கும் அளவுக்குக் கழுத்து வலுப்பெற்றிருக்காது. ஜாகிங் ஸ்ட்ரோலர் செய்யும் நிறுவனங்களே பொதுவாக ஆறு முதல் எட்டு மாதம் வரை பொறுக்கச் சொல்கின்றன. அதற்குப் பிறகும் மருத்துவர் பார்த்துச் சொன்னால்தான் ஓட வேண்டும். இப்போதைக்கு அந்த வண்டியில் நடந்து செல்லுங்கள்.

சுகந்தி, அனுப்பானடி

அரிசிப் பையை வைத்து எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் தள்ளிப் பார்த்தேன். போகும்போதும் வரும்போதும் இடப்பக்கமே இழுத்தது. முன் அச்சு சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் இடது சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் நன்றாக உள்ளே போகிறது, வலது சக்கரம் கல் போல இருக்கிறது. வீட்டிலுள்ள பழைய சைக்கிள் பம்பின் வாய் இதன் வால்வில் பொருந்தவில்லை. பஞ்சர் கடையில் கொடுத்துக் காற்றடிக்கலாமா?

செல்வகுமார், திருநகர்

அது மோட்டார் சைக்கிளில் இருக்கும் வால்வு வகை, அதனால்தான் சாதாரண சைக்கிள் பம்ப் பொருந்தவில்லை. கடையின் கம்ப்ரஸரில் நேரடியாக அடிக்க வேண்டாம். இந்த டியூபில் காற்று கொள்ளும் அளவு மிகக் குறைவு, கண் மூடித் திறப்பதற்குள் அளவு மீறி வெடித்துவிடும். பைக்குக்குக் காற்றடிக்கும் மிதி பம்ப், அளவுமானியுடன் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் உச்ச அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதற்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும் ஒரே அளவாக நிறுத்துங்கள். உச்ச அளவுக்கே அடித்தால் தள்ளுவது எளிதாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு அதிர்வும் குழந்தைக்குப் போகும்.

ரேவதி, ஒத்தக்கடை

சுகந்தி, நான் இரண்டாவது மகனையும் இப்படித் தள்ளிக்கொண்டு ஓடுகிறவள். ஓடும் முறை பற்றி மட்டும் சொல்கிறேன். கைகள் நீண்டு விறைத்திருந்தால் உடம்பு இடுப்பில் மடங்கும், இடுப்பு வலி அங்கிருந்துதான் வருகிறது. கைப்பிடியைத் தொப்புள் உயரத்துக்கு வைத்து, முழங்கை மடங்கியிருக்கும் அளவுக்கு வண்டியை ஒட்டி ஓடுங்கள். ஒட்டி ஓடினால் பாதம் பின் அச்சில் இடிக்குமே என்று தோன்றும். எட்டுகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் இடிக்காது.

ஒரு கையால் தள்ளும்போது கைப்பிடியின் நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வலது ஓரத்தைப் பிடித்துத் தள்ளினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். அதைத் திருத்த மணிக்கட்டை முறுக்குவோம், அந்த முறுக்கு மெல்லத் தோளுக்கு ஏறும். இறக்கத்திலும் கூட்டத்திலும் இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்க வேண்டும். வார் எப்போதும் மணிக்கட்டில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பில் நான் மிகவும் அஞ்சுவது தெருமுனையைத்தான். கைப்பிடிக்கு முன்னால் வண்டி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீண்டிருக்கிறது. சுவரைத் தாண்டி வாகனம் வருகிறதா என்று நாம் எட்டிப் பார்ப்பதற்குள் குழந்தையின் கால்கள் சாலைக்குள் போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு சந்து முனையிலும் நின்று, வண்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு, நாம் பக்கவாட்டில் ஒரு எட்டு முன்னே போய்ப் பார்த்த பிறகுதான் தள்ள வேண்டும். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, நாய்க்கும் வண்டிக்கும் நடுவில் நாம் நின்று மெல்ல நடக்க வேண்டும். வெயிலுக்கு என்று துணியால் முழுவதும் மூடிவிடாதீர்கள், உள்ளே வெப்பம் தங்கிவிடும். பங்குனி, சித்திரையில் ஏழு மணிக்கு முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. நிற்கும்போது நிறுத்து பிரேக்கைப் போடுங்கள். கனமான பையைக் கைப்பிடியில் மாட்டினால் வண்டி பின்னால் சாயும், கீழேயுள்ள கூடையில் வையுங்கள்.

சுகந்தி, அனுப்பானடி

இரண்டு டயரையும் சமப்படுத்தியதும் இழுப்பு பெரும்பாலும் போய்விட்டது. மீதியிருந்தது திருகைக் கால் சுற்றுத் திருப்பியதில் நேரானது. கைப்பிடியை ஒரு படி ஏற்றிய பிறகு இடுப்பு வலி இல்லை, தோள் வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. இப்போது துடிப்பு 147 அளவில் இருக்கும்போது கிலோமீட்டருக்கு 7:15 ஆகிறது. இதை இன்னும் 6:30க்குக் கொண்டுவர முடியுமா?

செல்வகுமார், திருநகர்

வண்டியும் குழந்தையும் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். கை வீச்சு குறைகிறது, எட்டு சிறிதாகிறது. அதே உழைப்புக்கு முக்கால் நிமிடம் கூடுவது நியாயமான கணக்குதான். கடிகாரத்தில் தெரியும் வேகத்தை விட்டுவிட்டு, துடிப்பையும் பேச முடிகிறதா என்பதையும் வைத்து ஓடுங்கள். எதிர்க்காற்று அடித்தால் கூரையை மடக்குங்கள், அது பாய் போலக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். வெயில் இல்லாத நேரத்தில் மட்டும் அப்படிச் செய்யுங்கள். மேம்பால ஏற்றத்தில் நடந்தால் தவறில்லை. வேகப் பயிற்சியைத் தனியாக ஓடும் நாளுக்கு ஒதுக்குங்கள், குழந்தையுடன் வேண்டாம்.

பாண்டியராஜன், கே.கே. நகர்

பூட்டைப் பற்றித் தம்பி சொன்னதைப் படித்தேன். என் ஓட்டம் நடையைவிடச் சற்றே வேகமானது, எனக்கு இதுவரை சக்கரம் திரும்பியதில்லை. அந்த வேகத்துக்கும் பூட்டுவது கட்டாயமா?

செல்வகுமார், திருநகர்

அண்ணா, இரண்டு கால்களும் தரையை விட்டு எழுந்தால் அது ஓட்டம்தான், பூட்டிவிடுங்கள்.

சுகந்தி, அனுப்பானடி

நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். நடைபாதையில் பதித்த தளக்கல் பகுதியில் போகும்போது மகளின் கன்னம் விடாமல் அதிர்வது தெரிகிறது. தார்ச் சாலையில் அது இல்லை, ஆனால் அங்கே வாகனங்கள் வருகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

ரேவதி, ஒத்தக்கடை

நான் அந்தப் பகுதியில் நடந்துதான் போவேன். நடக்கும்போதும் கன்னம் அதிர்ந்தால் காற்றை இன்னும் சிறிது இறக்கிப் பாருங்கள். எவ்வளவு அதிர்வு வரை பரவாயில்லை என்பதை அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டு இங்கே எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.