புதுப்பிப்பு: மகனுக்காக வைத்த 60 லட்சம்

போன மாதம் நான் கேட்டது: “ஆட்டிசம் உள்ள மகனுக்கு 19 வயது. 60 லட்சத்தை வங்கியில் போட்டால், எங்களுக்குப் பிறகு வட்டியிலேயே அவன் காலம் ஓடுமா?”

ஓடாது. 7% வட்டியில் மாதம் 35,000 வரும், இப்போது செலவு 25,000 என்று நிம்மதியாக இருந்தேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர்தான் கணக்கைத் திருப்பிப் போட்டார்: விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால் 12 ஆண்டில் செலவு 50,000. வட்டியோ அதே 35,000. அப்போது அவனுக்கு வெறும் 31 வயது!

அதனால் ஐந்து வருடச் செலவுக்கான 15 லட்சம் மட்டும் வைப்பில். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக, பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றுகிறோம். சந்தை விழும் வருடங்களில் ஃபண்டைத் தொடாமல் வைப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

“நாமினி போட்டால் போதுமே” என்றார் ஒரு நண்பர். பணம் அவன் பெயருக்கு வரும், சரி. யார் அதை எடுத்துச் செலவழிப்பது? 18 ஆனதும் பெற்றோரின் காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. அதனால் அவனுக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்கக் கேட்டு, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்திருக்கிறோம். பணத்துக்குத் தனி அறக்கட்டளைப் பத்திரம் எழுதுகிறோம்; மகள்தான் அறங்காவலர்.

 

மகளுக்குப் பிறகு யார் என்ற வரியைப் பத்திரத்தில் இன்னும் நிரப்பவில்லை.