60 வினாடி ஆஃபர்: கடிகாரம் யாருடையது?

லைவ்_மணி: லைவ் விற்பனை ஸ்கிரிப்ட்டில் ஆஃபர் 60 வினாடிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் கொடுக்கிறவர்களுக்கு விற்கத் தெரியாது.

திரைக்குப்பின்: யாருடைய 60 வினாடி? ஹோஸ்ட் பேசுவது பார்ப்பவர் ஃபோனுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். தாமதம் 15 வினாடி என்று வையுங்கள். ஹோஸ்ட் "ஆரம்பம்" என்றதும் ஆஃபர் திறக்கிறது, சரியாக 60-இல் மூடுகிறது. பார்ப்பவர் காதில் "ஆரம்பம்" விழும்போதே 15 போய்விட்டது. மிச்சமிருக்கும் 45-இல் அவர் திரையில் வரும் பொருள் கார்டைத் திறந்து, நிறம் தேர்ந்து, முகவரி பார்த்து, பணம் கட்ட ஓடிபி போட வேண்டும். ஹோஸ்ட் "இன்னும் பத்தே வினாடி" என்பது அவருக்குக் கேட்கும்போது கணக்கு 65. ஆஃபர் மூடியாயிற்று. அப்புறம் கமெண்ட் முழுக்க "விலை மாறிடுச்சு". அதற்குப் பதில் சொல்லியே அடுத்த பொருளின் டெமோ நேரம் கரைந்துவிடும்.

லைவ்_மணி: அது நெட் பிரச்சினை, ஸ்கிரிப்ட் பிரச்சினை இல்லை. தாமதத்தைக் குறைக்கும் செட்டிங்கைப் போடுங்கள். 60 என்றால் 60. இரண்டு நிமிடம் கொடுத்தால் "அப்புறம் வாங்கலாம்" என்று போய்விடுவார்கள்.

திரைக்குப்பின்: அவசரம் வேண்டும் என்பதில் தகராறே இல்லை. அந்த செட்டிங் தாமதத்தைச் சில வினாடிக்குக் கொண்டுவரும், ஆனால் ஃபோனில் முன்கூட்டியே சேர்ந்திருக்கும் வீடியோ குறைவாக இருப்பதால் நெட் மெதுவாக உள்ளவருக்கு அடிக்கடி நின்று நின்று வரும். அதோடு தாமதம் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒளிபரப்புக்கு முன்னால் வினாடி முள் ஓடும் கடிகாரத்தைக் கேமரா முன் வையுங்கள். வைஃபையை அணைத்த இன்னொரு ஃபோனில் அதே லைவைத் திறந்து இரண்டையும் ஒரே படத்தில் எடுங்கள். வித்தியாசம்தான் உங்கள் தாமதம். பேசுவது 60 என்றால், சிஸ்டத்தில் மூடுவது 60, அந்தத் தாமதம், பணம் கட்டும் நேரம் மூன்றையும் கூட்டி. வாயால் பத்து ஒன்பது எட்டு என்று எண்ணவே வேண்டாம். ஆப்பே காட்டும் கடிகாரம் இருந்தால் "திரையில் ஓடுகிற நேரத்தைப் பாருங்கள்" என்று எழுதிக்கொடுங்கள், போதும்.

கம்மல்_கூடை: நான் ஒரே ஒரு ஜோடிதான் வைத்திருப்பேன், வேண்டும் என்பவர்களைக் கமெண்டில் அதன் கோட் போடச் சொல்வேன். பத்துப் பேர் போட்டால் யாருக்குக் கொடுப்பது? இதற்கும் 60 வினாடியா?

திரைக்குப்பின்: உங்களுக்கு ஆஃபர் நேரமே வேண்டாம், அது வேறு கதை. தாமதம் அதிகமுள்ளவர் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் பின்னால்தான் வருவார். "எங்கள் திரையில் முதலில் வந்த கோட்" என்று பொருளைக் காட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

லைவ்_மணி: எல்லாவற்றுக்கும் தாமதம் தாமதம். ஸ்கிரிப்ட்டில் பொருள் வரிசைதான் முக்கியம். நீராவி இஸ்திரிதான் பெரிய பொருள் என்றால் அதை முதலில் வை, 60 வினாடி கொடு, முடி.

திரைக்குப்பின்: முதலில் வைத்தால் அரங்கு நிறையும் முன்பே சரக்கைக் காட்டிவிடுவீர்கள். மூன்றாவதாக வையுங்கள், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பின்னால் இன்னொரு முறையும் சுருக்கமாகக் காட்டுங்கள். மூன்றாவது இடத்துக்கு வேறு காரணமும் உண்டு. இரண்டாவது பொருள் ஓடும்போதே திரைக்குப் பின்னால் ஒருவர் தண்ணீர் ஊற்றி, சொருகி, சூடேற்றும் விளக்கு அணைவதைப் பார்த்துவிடலாம். சூடேறும் முன் நீராவிப் பொத்தானை அமுக்கினால் தண்ணீர் ஆவியாகாமல் சொட்டும். துணியில் ஈரத் திட்டு விழும். "ஒழுகுதே" என்று ஒரே கமெண்ட் வந்தால் போதும், ஆஃபர் போச்சு.

லைவ்_மணி: நேரலையிலேயே சொருகிக் காட்டினால்தான் நம்புவார்கள். ஒளித்து வைத்துச் சூடேற்றினால் ஏமாற்று என்பார்கள்.

திரைக்குப்பின்: "முன்பே சூடாக்கி வைத்திருக்கிறோம், சூடேற இத்தனை நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டால் ஏமாற்று எங்கே வந்தது? அந்த நேரத்தையும் அளந்து ஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள்.

நடுவில்_ஒருவன்: கமெண்டுக்குப் பதில் சொல்வதைப் பற்றி யாரும் பேசவில்லையே. டெமோவுக்கு நடுவில் படிக்கலாமா?

திரைக்குப்பின்: கசக்கிய சட்டையில் ஒரு கை முழுக்கத் தேய்த்து முடியும்வரை படிக்கக் கூடாது. தேய்த்ததையும் தேய்க்காததையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியபின் இரண்டு மூன்று கேள்வி. பெயர், பொருளின் எண், கேள்வி மூன்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் பார்த்தது பழைய பொருளாக இருக்கலாம், அங்கேயும் அதே தாமதம்தான். வயர் நீளம், வாரண்டி மாதிரி திரும்பத் திரும்ப வருவதை மாடரேட்டர் கமெண்ட் பகுதியின் மேலே பின் செய்துவிடட்டும்.

லைவ்_மணி: இவ்வளவும் எழுதி 60 தவறு என்று மட்டும் நிரூபிக்கவில்லை. நேரத்தை நீட்டினால் ஹோஸ்ட் சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

திரைக்குப்பின்: சொல்லாமல் நீட்டுவதும், முடியும் நேரத்தைத் தாமதம் கணக்கிட்டு முன்கூட்டியே வைப்பதும் ஒன்றா? பொருளைக் கார்ட்டில் போட்ட கணமே விலையைப் பூட்டும் வசதி இருந்தால் பணம் கட்டும் நேரத்தைக் கூட்டவும் தேவையில்லை.

கம்மல்_கூடை: கார்ட்டில் போட்டுவிட்டு ஓடிப்போகிறவர்களுக்கு ஸ்டாக்கை யார் பிடித்துவைப்பது?

லைவ்_மணி: அதைக் கேளுங்கள் இவரிடம். நான் 60-இலிருந்து ஒரு வினாடி நகரமாட்டேன்.