ஒட்டிய பலகை ஆடுகிறது, இழைத்தால் சில்லு பெயர்கிறது

மரவேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். காய்கறி நறுக்கும் பலகைக்காக 4 செ.மீ. பட்டைகளைத் தண்ணீர் தாங்கும் மரப்பசையால் ஒட்டி, ராத்திரி முழுக்க கிளாம்பிலேயே விட்டிருந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் எந்த இணைப்பிலும் இடைவெளி இல்லை, ஆனால் சமமான மேசையில் வைத்தால் எதிரெதிர் மூலைகளில் ஆடுகிறது, தூக்கிய மூலைக்கடியில் 2 மி.மீ. அட்டை நுழைகிறது.

காய்ந்த பசையைச் சுரண்டிவிட்டு இழைப்புளி போட்டால் ஒரு பட்டையில் சுருள் அழகாக வருகிறது, பக்கத்துப் பட்டையில் நார் எதிர்த்திசையில் ஓடுவதால் சில்லு சில்லாகப் பெயர்கிறது. பட்டைகளுக்குக் குறுக்கே இழைத்து உயர்ந்த இரண்டு மூலைகளை முதலில் இறக்கிவிட்டு, உப்புத்தாளைக் கடைசியில் பிடித்தால் போதுமா? தேய்க்கும் மெஷினை மட்டும் நம்பினால் மேற்பரப்பு வழுவழுப்பாகும், முறுக்கு அப்படியே இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம் ஓரங்களை ரவுட்டரில் 6 மி.மீ. வளைவாக உருட்ட வேண்டும். நார் முடியும் குறுகிய பக்கங்களை முதலில் ஓட்டினால், மூலையில் பெயர்வதை நீளப் பக்கம் ஓட்டும்போது எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன், சரிதானா? இல்லை, மூலையை ஒட்டி வேறொரு கட்டையைக் கிளாம்ப் போட்டுக்கொள்வதுதான் நல்லதா?