தேதிக் கழித்தலில் கடன் தரும் மாதத்துக்கு என்ன பெயர்?

ராயபுரம்:
வணக்கம். தேதிக் கணக்கு பற்றிய உதவிப் பக்கம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கையால் கழிக்கிறோம். நாள் பத்தியில் மேல் எண் சிறியதாக இருந்தால், மாதத்தில் ஒன்றைக் குறைத்து நாளாக மாற்றிச் சேர்க்கிறோம். அந்த ஒரு மாதத்துக்கு 28 நாளா, 30ஆ, 31ஆ? எந்த மாதத்தின் நாள்கணக்கை எடுக்கிறோமோ அந்த மாதத்துக்கு ஒரு பெயர் வேண்டும். பள்ளியில் ‘கடன் வாங்குதல்’ என்றுதானே படித்தோம்? ‘கடன் மாதம்’ சரியாக இருக்குமா?

தண்டையார்பேட்டை:
இதற்கு ஏன் பெயர்? எங்கள் அலுவலகத்தில் பணிக்காலம் பார்க்கும்போது மாதம் என்றால் 30 நாள்தான். எப்போதும் 30ஐக் கூட்டினால் குழப்பமே வராது.

பெரம்பூர்:
விதியில் 30 என்று எழுதியிருந்தால் 30தான், அதில் மறுபேச்சில்லை. எழுதாத இடத்தில்தான் சிக்கல். ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

```
ஆண்டு  மாதம்  நாள்
2023    03    01
2023    01    31   (-)
```

1இலிருந்து 31 போகாது. மாத வித்தியாசம் 2. ஒன்றைக் கடன் வாங்கினால் மீதி 1. தொடக்கத் தேதி இருக்கும் ஜனவரியிடம் வாங்கினால் 31 நாள்: 1 + 31 - 31 = 1. விடை 1 மாதம் 1 நாள். 30 எடுத்தால் சரியாக 1 மாதம். முடிவுத் தேதிக்கு முந்தைய பிப்ரவரியிடம் வாங்கினால் 28 நாள்: 1 + 28 - 31 = -2. கடன் வாங்கியும் பற்றவில்லை! மீதமிருந்த ஒரு மாதத்தையும் உடைத்து ஜனவரியின் 31ஐச் சேர்த்தால்தான் 29 நாள் வருகிறது. ஒரே இரண்டு தேதிக்கு மூன்று விடை.

தண்டையார்பேட்டை ஐயா, உங்கள் 30இல் என்ன நடக்கிறது பாருங்கள். ஜனவரி 31இல் சேர்ந்தவருக்கும் பிப்ரவரி 1இல் சேர்ந்தவருக்கும் மார்ச் 1 அன்று ஒரே 1 மாதம். பிப்ரவரிக் கடனிலோ இன்னும் மோசம்: ஜனவரி 31இலேயே சேர்ந்தவருக்கு 29 நாள், மறுநாள் சேர்ந்தவருக்கு 1 மாதம். முன்னால் வந்தவர் பின்னால் போய்விடுகிறார்.

காசிமேடு:
எங்கள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நீங்கள் சொல்கிறபடி கழித்தால் எனக்கு 1 மாதம் 30 நாள்தான் வருகிறது. மே மாதத்திடம் வாங்கியது தப்பா?

பெரம்பூர்:
தம்பி, உங்கள் ஒரு நாள் கடனில் தொலையவில்லை. தடையில் முதல் நாளும் கடைசி நாளும் சேர்த்தி. கழித்தலில் ஒரு முனை விடுபடும். ஜூன் 15இலிருந்து கழியுங்கள். நேராக 2 மாதம், கடனே வேண்டாம்.

திருவொற்றியூர்:
நான் வங்கியில் வேலை செய்கிறேன். ‘கடன் மாதம்’ என்றால் தவணை கட்டும் மாதம் என்றுதான் வாடிக்கையாளர் படிப்பார். ‘இரவல் மாதம்’ எனலாமே? அளவுக்காக மட்டும்தானே கேட்டு வாங்குகிறோம்.

பெரம்பூர்:
இரவல் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் யாரிடம் இரவல் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். ‘முந்தைய மாதம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எதற்கு முந்தையது என்று தெரியாது. ‘தொடக்க மாத இரவல்’, ‘இறுதியொட்டிய இரவல்’ என்று இரண்டாக வையுங்கள். PostgreSQL என்ற தரவுத்தள மென்பொருள் முதல் வகை. அதில் இப்படிக் கேட்டால்

```
SELECT age('2004-06-01', '2004-04-30');
```

ஏப்ரலின் 30ஐ எடுத்து `1 mon 1 day` என்கிறது. மே மாதத்தின் 31ஐ எடுத்திருந்தால் 1 மாதம் 2 நாள் ஆகியிருக்கும். விடையைச் சரிபார்க்க முடிவுத் தேதியிலிருந்து முதலில் மாதம் பின்னே போங்கள், பிறகு நாள்: ஜூன் 1, மே 1, ஏப்ரல் 30.

இதிலும் ஒரு குறை உண்டு. ஜனவரி 31இலிருந்து 2023 பிப்ரவரி 28 வரை 28 நாள். மறுநாள் மார்ச் 1 அன்று 1 மாதம் 1 நாள். ‘சரியாக ஒரு மாதம்’ என்ற நாளே நடுவில் இல்லை.

தண்டையார்பேட்டை:
அந்தக் குறை என் 30இல் இல்லையே!

பெரம்பூர்:
இந்தக் கணக்கில் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ராயபுரம்:
அப்படியென்றால் இப்போதைக்கு ‘தொடக்க மாத இரவல்’, ‘இறுதியொட்டிய இரவல்’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். பெரம்பூர் ஐயாவின் மார்ச் 1 கணக்கு எடுத்துக்காட்டாக நிற்கும். ‘இறுதியொட்டிய’ வாயில் நுழையச் சற்றுக் கடினம், இன்னும் எளிதாக ஒன்று கிடைத்தால் சொல்லுங்கள். 30 நாள் முறையில் எந்த மாதமும் எதையும் தருவதில்லை, அதை இரவல் என்பது பொருந்தவில்லை. ‘நிலை மாதம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். தண்டையார்பேட்டை ஐயா, உங்கள் அலுவலகத்தில் அந்த 30ஐ வாய்ப்பேச்சில் எப்படிக் குறிப்பிடுவீர்கள்?